முதல் எக்ஸ்ரேல 2/1, இப்போ 1/0. கல் தூசி நோய் இப்படிக் குறையுமா? (வியாசர்பாடி)

வியாசை_மணி
அப்பாவுக்காகக் கேட்கிறேன். வயசு 54. சின்ன வயசுல திரிசூலம், பல்லாவரம் பக்கம் குவாரில கம்ப்ரஸர் வேலை. பாறையில குழி போடுறது, வெடி வைக்கிறதுக்கு. 17 வருஷம் அதுதான். அப்புறம் வியாசர்பாடிக்கே வந்துட்டோம், பில்டிங் வேலைக்குப் போயிட்டார். சிப்பிங் மிஷின், கான்கிரீட் உடைக்கிறது.

போன வருஷக் கடைசில மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. எங்க ஏரியாவுக்கு வந்த கேம்ப் வேன்ல எக்ஸ்ரே எடுத்தாங்க. ரிப்போர்ட்ல 2/1, q/q, மேல் பகுதி ரெண்டு பக்கமும், படத்தோட தரம் 3 அப்படின்னு இருந்தது. சளியில கிருமி இல்லை. ஆனாலும் படத்தைப் பார்த்துட்டு டிபி மாத்திரை ஆரம்பிச்சாங்க. இப்போ அஞ்சாவது மாசம். போன வாரம் ஒரு ஆஸ்பத்திரியில மறுபடி எடுத்தா 1/0, p/q, தரம் 2னு எழுதியிருக்கு.

எழுதினவர் "குறைஞ்சிருக்கு, நல்ல விஷயம்" அப்படின்னுட்டார். அப்பா அதைக் கேட்டதும் அடுத்த திங்கள்கிழமை சிப்பிங் வேலைக்குப் போறேன்னு நிக்கிறார். எனக்கு பயமா இருக்கு. நிஜமாவே குறைஞ்சிருக்கா?

பெரம்பூர்_சுந்தர்
நான் ஒரு லேப்ல வேலை பார்த்தவன், இந்த ரிப்போர்ட் நிறைய பார்த்திருக்கேன். முதல் நம்பர் வலது நுரையீரல், ரெண்டாவது இடது. 2/1னா வலது பக்கம் அதிகம். இப்போ 1/0னா இடது பக்கம் சுத்தமாயிடுச்சு. மொத்தம் ஆறு பகுதியா பிரிச்சு எல்லாத்தையும் கூட்டி சராசரி போடுவாங்க. மாத்திரை வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். கவலைப்படாதீங்க.

ஒளிப்பெட்டி
சுந்தர் சார், ஆறு பகுதின்னு சொன்னது சரி. வலமும் இடமும் மேல், நடு, கீழ்னு பிரிக்கிறோம். மத்ததை நான் மறுக்க வேண்டியிருக்கு, ஏன்னா இந்தத் தம்பியோட அப்பா வேலைக்குப் போறதும் போகாததும் அதுல நிக்குது. நான் மார்பு நோய் மருத்துவர், இப்போ ஓய்வு. தூசி வேலைக்காரங்க படங்களைப் பல வருஷம் படிச்சிருக்கேன்.

அந்த ரெண்டு நம்பருக்கும் வலம் இடத்துக்கும் சம்பந்தமில்லை. ஐஎல்ஓன்னு சொல்ற சர்வதேச தொழிலாளர் அமைப்போட முறையில நுரையீரல்ல இருக்கிற சின்னப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு 0, 1, 2, 3 அப்படின்னு நாலு வகையா வைக்கிறோம். முதல் நம்பர் படிச்சவர் கடைசியா முடிவு பண்ணின வகை. ரெண்டாவது, முடிவு பண்றதுக்கு முன்னாடி "இதுவா இருக்குமோ"ன்னு அவர் தீவிரமா யோசிச்ச வகை. 2/1னா "ரெண்டுன்னு வைக்கிறேன், ஆனா ஒண்ணாவும் இருக்கலாம்னு நினைச்சேன்". 1/2னா அதே தயக்கம், முடிவு மட்டும் வேற. தயக்கமே இல்லைன்னா 2/2.

இப்படி மொத்தம் 12 படி வருது. உங்க அப்பா விஷயத்துல 2/1ல இருந்து 1/2, 1/1, 1/0. மூணு படி இறங்கியிருக்கு. ரெண்டு நல்ல மருத்துவர்கள் ஒரே படத்தைப் படிச்சா ஒரு படி வித்தியாசம் வர்றது சகஜம். மூணு படின்னா காரணம் தேடணும். அந்தக் காரணம் நோய் குறைஞ்சதா இருக்கிறது கடைசி சந்தேகமா இருக்கணும். கல் தூசியால உண்டான அந்த உருண்டைத் தழும்புகள் கரையறதில்லை, தூசியை விட்டு விலகின பிறகும் கூட வளரலாம்.

சராசரி விஷயமும் இன்னொரு இடத்துல தப்பாகுது. கல் தூசி பெரும்பாலும் மேல்பகுதியில தொடங்கும். கீழே வெறுமையா இருக்கும். ஒரு பகுதி மத்ததைவிட மூணு படியோ அதுக்கு மேலயோ குறைவா இருந்தா அதைக் கணக்குலயே சேர்க்கக் கூடாதுன்னு விதி. சுத்தமான கீழ்ப்பகுதியையும் சேர்த்து சராசரி போட்டா மேலே இருக்கிற நோய் பேப்பர்ல நீர்த்துப் போயிடும்.

மணி, ரெண்டு படமும் கையில இருக்கா? அளவு ஒண்ணா?

வியாசை_மணி
இருக்கு டாக்டர். கேம்ப் படம் பெரிசு. ஆஸ்பத்திரி படம் சின்னது, ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான்.

எண்ணூர்_கலா
அக்கா, எங்க அம்மாவுக்கும் எழுதிக் குடுங்க. எண்ணூர்ல வீடு, பவர் ஹவுஸ் சாம்பல் காத்துல வந்து துணி மேல படியும். அம்மாவுக்கு மூணு வருஷமா இருமல். எக்ஸ்ரே வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமா? இந்த நம்பர் போட்டு வாங்கினா நஷ்டஈடு கேட்கலாமா?

ஒளிப்பெட்டி
கலா, உங்க அம்மாவோட இருமலைச் சின்னதா நினைக்கல. ஆனா இந்த நம்பர் படத்துல எப்படித் தெரியுதுன்னு மட்டும்தான் சொல்லும், எதனால வந்ததுன்னு சொல்லாது. பாறையை நெருக்கமா வருஷக்கணக்குல உடைச்சவங்களுக்காக உண்டான அளவுகோல் அது. காத்துல வர்ற சாம்பலால இருமினா மூச்சு ஊதுற பரிசோதனையும் சளிப் பரிசோதனையும்தான் முதல் வேலை. வாட்ஸ்அப் படத்தை வெச்சு நான் நம்பர் போடமாட்டேன். போனோட வெளிச்சம், சுருக்கினது எல்லாம் சேர்ந்து புள்ளியை உண்டாக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும்.

ராயபுரம்_டார்க்ரூம்
மணி தம்பி, நான் எக்ஸ்ரே எடுக்கிறவன், 26 வருஷம். டாக்டர் அம்மா அளவைக் கேட்டதும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. கேம்ப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு மூணு விஷயம் பார்த்துச் சொல்லு.

ஒண்ணு, வலது பக்கம் பின்னாடி விலா எலும்பை மேல இருந்து எண்ணு. முதுகெலும்புல இருந்து சாய்வா இறங்குமே, அது. உதரவிதானத்துக்கு மேல எத்தனை தெரியுது? ரெண்டு, இதய நிழலுக்குப் பின்னாடி முதுகெலும்பு லேசாவாவது தெரியுதா, இல்ல வெறும் வெள்ளையா? மூணு, தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல விழுந்திருக்கா? அதையே ஆஸ்பத்திரி படத்துலயும் பாரு.

வியாசை_மணி
அரை மணி நேரமா எண்ணினேன் அண்ணே. கேம்ப் படத்துல 8 எலும்புதான். இதயத்துக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியல, முழு வெள்ளை. ரெண்டு பக்கமும் தோள்பட்டை எலும்போட ஓரம் உள்ளே விழுந்திருக்கு. ஆஸ்பத்திரி படத்துல 10 எலும்பு, பின்னாடி முதுகெலும்பு நல்லாத் தெரியுது, நுரையீரல் ரொம்பக் கறுப்பா இருக்கு.

ராயபுரம்_டார்க்ரூம்
அப்ப இதுதான் நடந்திருக்கு. வேன்ல இருக்கிற சின்ன மிஷின்ல சக்தி குறைவு, நாள் பூரா வரிசை நிக்குது, "மூச்சு இழு, பிடி"ன்னு சொல்லிட்டு ஆள் பிடிக்கிறதுக்குள்ள அடிச்சிடுவோம். நானே செஞ்சிருக்கேன். படம் வெளுத்துப் போகும். வெளுத்த படத்துல ரத்தக் குழாய் முனைகூட புள்ளியாத் தெரியும், புள்ளி அதிகமாத் தோணும். ஆஸ்பத்திரி படம் அதுக்கு நேர் எதிர். கறுத்துப் போனா சின்னப் புள்ளி எரிஞ்சு காணாமப் போயிடும்.

மூச்சு சரியா இழுக்காததால கீழ்ப்பகுதி நெருங்கித் தெரியும். மேல்பகுதி அதிகமாத் தெரிஞ்சதுக்கு அது காரணமில்ல, வெளுப்பும் தோள்பட்டையும்தான் காரணம். அம்மா, நான் சொல்றது சரிதானே?

ஒளிப்பெட்டி
சரி. ஒரு படம் கூட்டிக் காட்டுது, இன்னொண்ணு குறைச்சுக் காட்டுது. மூணு படியில பெரும்பகுதி அங்கேயே போயிடுச்சுன்னு நினைக்கிறேன்.

எழுத்து q/qல இருந்து p/q ஆனதையும் பாருங்க. p, q, r உருண்டைப் புள்ளியோட அளவு. நம்ம சமையலறையில சொல்றதுன்னா p கசகசா, ஒன்றரை மில்லிமீட்டருக்குள்ள. q கடுகு, 3 மில்லிமீட்டர் வரைக்கும். r மிளகும் அதுக்குக் கொஞ்சம் மேலயும், 10 வரைக்கும். முதல் எழுத்து பெரும்பான்மையான அளவு, ரெண்டாவது அதோட கலந்திருக்கிறது. இப்போ யோசிச்சுப் பாருங்க, டிஜிட்டல் படத்தைச் சுருக்கி நோட்டு அளவுல அச்சடிச்சா கடுகு கசகசாவாத்தானே தெரியும்? நோய் சுருங்கல மணி, காகிதம் சுருங்கியிருக்கு.

நாங்க கண்ணால மதிப்புப் போடறதில்ல. ஐஎல்ஓ குடுத்த மாதிரிப் படங்கள் இருக்கு, புள்ளியே இல்லாதது, 1/1, 2/2, 3/3னு ஒவ்வொரு அளவுக்கும். நம்ம நோயாளி படத்தைப் பக்கத்துல வெச்சு "இந்த மாதிரிக்கு அதிகமா, குறைவா"ன்னு பார்க்கிறோம். மாதிரி முழு அளவு, நோயாளி படம் அரை அளவுன்னா அந்த ஒப்பீடே உடைஞ்சு போச்சு.

புழல்_கிரானைட்
நடுவுல கேட்கிறதுக்கு மன்னிக்கணும். நான் சமையல் மேடை அறுக்கிறவன், 11 வருஷம். கிரானைட், இப்போ குவார்ட்ஸ் ஸ்லாபும். கையில பிடிக்கிற கட்டிங் மிஷின், தண்ணி விடறதில்ல, ஏன்னா கஸ்டமர் வீட்லயே அறுக்கணும், சேறாகும்னு திட்டுவாங்க. என் படத்துல 0/1னு வந்தது. "ஜீரோதான், போ"ன்னு சொன்னாங்க. நான் சந்தோஷப்படலாமா?

ஒளிப்பெட்டி
தம்பி, உங்க கேள்வி நடுவுல வந்ததில்ல, இதே கேள்விதான். 0/1 ஜீரோ வகைதான், ஆனா படிச்சவர் "ஒண்ணோ?"ன்னு தயங்கியிருக்கார். 0/0 வேற, 0/1 வேற. அதுலயும் நீங்க குவார்ட்ஸ் ஸ்லாப் சொன்னது எனக்குப் பிடிக்கல. இந்த நோயை உண்டாக்குறது சிலிக்கா தூசி; கிரானைட்ல அது ஒரு பங்கு, அந்தச் செயற்கைப் பலகையில பெரும்பகுதியும் அதுதான். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில அதைத் தடையே பண்ணிடுச்சு. அந்தப் பலகை அறுத்தவங்களுக்கு 20, 30 வருஷம் எடுக்கிற நோய் சில வருஷத்துலயே வந்திருக்கு. உங்களுக்கு சி.டி. ஸ்கேன் பார்க்கலாம், சாதாரண எக்ஸ்ரேல தெரியாத ஆரம்பப் புள்ளி அதுல தெரியும். அதுவரைக்கும் தண்ணி இல்லாம ஒரு பலகையும் அறுக்காதீங்க.

பெரம்பூர்_சுந்தர்
டாக்டர், நம்பர் விஷயத்துல நான் தப்பு, ஒத்துக்கிறேன். வருஷக்கணக்கா வலது இடதுன்னே சொல்லிட்டிருந்தேன், நிறைய பேர்கிட்ட. ஒரு கேள்வி. சி.டி. நல்லாக் காட்டும்னா எதுக்கு இந்த எக்ஸ்ரே நம்பர்? எல்லாருக்கும் சி.டி. எடுத்துட வேண்டியதுதானே.

ஒளிப்பெட்டி
ஒருத்தருக்கு நோய் இருக்கான்னு கண்டுபிடிக்க சி.டி. சரி. ஆனா 12 படி கணக்கு எக்ஸ்ரேக்காக உண்டானது, 2/1னு சி.டி.க்குப் போட முடியாது. சி.டி.க்குத் தனி முறை இருக்கு. குவாரியில 200 பேரை வருஷா வருஷம் பார்த்து யாருக்குக் கூடுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா எக்ஸ்ரேதான் நடக்கிற காரியம்.

கொடுங்கையூர்_சங்கம்
மணி தோழர், கட்டுமானத் தொழிலாளர் சங்கத்துல இருந்து எழுதறேன். நஷ்டஈடு பக்கம் யாரும் பேசலையே. தொழில் நோய்க்கு நஷ்டஈடு குடுக்கிற சட்டத்தோட பட்டியல்ல இந்த நோய் இருக்கு. ஆனா எந்த முதலாளிகிட்ட எத்தனை வருஷம் வேலை பார்த்தார்னு கேட்பாங்க. குவாரிக்காரர் பேப்பரே குடுத்திருக்க மாட்டார். இருக்கிற ஒவ்வொரு சீட்டையும் தேடுங்க.

டாக்டர் அம்மாகிட்ட எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படம் படிக்கிறவருக்கு ஆள் குவாரியில வேலை செஞ்சார்னு சொல்லாமலே படிக்கச் சொல்றாங்க. அதனாலதான் டிபின்னு எழுதி அனுப்பிடறாங்க. எங்க ஆள் மூணு பேர் டிபி மாத்திரை ரெண்டு தடவை சாப்பிட்டவங்க, மூணு பேரும் கிரஷர்ல வேலை.

ஒளிப்பெட்டி
ரெண்டு வேலையைப் பிரிச்சுப் பார்க்கணும் சார். ஆய்வுக்காகப் பல பேர் படத்தை நம்பர் போட்டுப் படிக்கிறப்போ தொழில் தெரியாம படிக்கணும், தெரிஞ்சா கண் புள்ளியைத் தேடிக் கண்டுபிடிச்சிடும். ஆனா ஒரு நோயாளி முன்னாடி உட்கார்ந்திருக்கிறப்போ என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்காம எழுதறது தப்பு. உங்க மூணு பேருக்கும் அந்த ரெண்டாவது தப்புதான் நடந்திருக்கும்.

கொடுங்கையூர்_சங்கம்
அம்மா, நஷ்டஈடு வாரியம் முன்னாடி நிக்கிறவன் ஆய்வுக்கு வந்தவனா, நோயாளியா? அங்கேதான் சிக்கல். தொழில் தெரியாம படிச்சவர் 0/1னு போட்டா எங்க ஆள் வெறுங்கையோட போறான்.

ஒளிப்பெட்டி
நியாயமான கேள்வி. நான் மூணு பேர் தனித்தனியாப் படிச்சு நடுவுல வர்றதை எடுக்கணும்னு சொல்வேன். அதுலயும் 0/1க்கும் 1/0க்கும் நடுவுல நிக்கிற ஆளுக்கு அநியாயம் நடக்கலாம். பல இடத்துல 1/0ல இருந்துதான் நோய்னு கணக்குல எடுக்கிறாங்க. ஐஎல்ஓவோ, இந்த எண் சட்டப்படி நோயை வரையறுக்கிறதுக்கு இல்லைன்னே சொல்லுது. நீங்க கேட்டதுக்கு என்கிட்ட முழு பதில் இல்லை.

ராயபுரம்_டார்க்ரூம்
மணி, புதுசா ஒரு படம் எடு. அப்பாவை ரெண்டு தடவை மூச்சு இழுத்துப் பழக்கிட்டு அப்புறம் எடுக்கச் சொல்லு. கையை இடுப்புல வெச்சு முழங்கையை முன்னாடி தள்ளணும், அப்பதான் தோள்பட்டை விலகும். குழாய்க்கும் படத்துக்கும் 6 அடி தூரம். படத்தை கம்ப்யூட்டர் டிஸ்க்ல காப்பி கேளு, அச்சடிச்சதை மட்டும் வாங்கிட்டு வராத.

ஒளிப்பெட்டி
அப்படியே பழைய ரெண்டு படத்தையும் கொண்டு போங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. டிபி நிழல் மாத்திரையால குறையும், கல் தூசி நிழல் குறையாது. கல் தூசி உள்ளே இருக்கிறவங்களுக்கு டிபி அதிகமா வரும், ரெண்டும் ஒண்ணா இருக்கலாம். அதனால ஒரு பகுதி நிஜமாவே குறைஞ்சிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மூணு படத்தையும் ஒரே திரையில பக்கத்துல பக்கத்துல வெச்சு எந்த நிழல் போச்சு, எது இருக்குன்னு பார்க்கணும். டாக்டர் சொல்லாம மாத்திரையை நிறுத்தாதீங்க. திங்கள்கிழமை வேலைக்கு அனுப்பாதீங்க.

வியாசை_மணி
*(பதினெட்டு நாள் கழிச்சு)*
எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். வேற ஆஸ்பத்திரியில புதுப் படம் எடுத்தோம். டார்க்ரூம் அண்ணன் சொன்ன மாதிரியே கையை வைக்கச் சொன்னேன், எடுத்தவர் "யாருப்பா சொல்லிக் குடுத்தது"ன்னு கேட்டார். 10 எலும்பு, முதுகெலும்பு லேசாத் தெரியுது.

அங்கே ரெண்டு டாக்டர் தனித்தனியா பெரிய திரையில மாதிரிப் படத்தைப் பக்கத்துல போட்டுப் படிச்சாங்க. ஒருத்தர் 1/2, இன்னொருத்தர் 1/1. ரெண்டு பேரும் q/p, ரெண்டு பக்கமும் மேல்பகுதியும் நடுப்பகுதியும். மூணாவது ஆள் இன்னும் படிக்கல. பழைய கேம்ப் படத்தையும் போட்டுக் காட்டினாங்க. உருண்டைப் புள்ளி எதுவும் மறையல. இடது பக்கம் உச்சியில மேகம் மாதிரி ஒரு நிழல் இருந்தது, அது மட்டும் புதுப் படத்துல கோடாச் சுருங்கியிருக்கு. அது டிபியா இருக்கலாம், அந்தப் பகுதிக்கு மாத்திரை வேலை செஞ்சிருக்கலாம்னு சொன்னாங்க. உறுதியாச் சொல்ல சளியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு அனுப்பியிருக்காங்க, பல வாரம் ஆகுமாம். மாத்திரையை ஆறு மாசத்தோட நிறுத்தணுமா, நீட்டணுமான்னு அதுக்கப்புறம்தான்.

புள்ளியை டாக்டர் பென்சில் முனையால காட்டினப்போ அப்பா திரைக்குப் பக்கத்துல போய் நின்னு பார்த்தார். "இது அந்தப் பாறைதானா"ன்னு கேட்டார். அப்புறம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேசல. திங்கள்கிழமை போகல. சைட்ல வாட்ச்மேன் வேலை தர்றதா மேஸ்திரி சொல்றார், ஆனா அதே சைட்ல கீழ்த் தளத்துல சிப்பிங் ஓடுது.

ஒளிப்பெட்டி
கீழே சிப்பிங் ஓடுற இடத்துல மேலே வாட்ச்மேனா இருந்தாலும் அதே தூசிதான். வேற சைட் கேளுங்க. மூச்சு ஊதுற பரிசோதனை இன்னும் பண்ணலன்னா இந்த மாசத்துக்குள்ள பண்ணிடுங்க, படத்துல எத்தனை புள்ளின்னு தெரிஞ்சாலும் அவர் எவ்வளவு தூரம் நடக்க முடியும்னு படம் சொல்லாது.

கொடுங்கையூர்_சங்கம்
தோழர், குவாரி பேப்பர் ஏதாவது கிடைச்சுதா?

வியாசை_மணி
அம்மா பழைய டிரங்குப் பெட்டியில தேடினாங்க. மேஸ்திரி கையெழுத்துப் போட்ட சம்பளச் சீட்டு ரெண்டு இருக்கு, 1998லயும் 2003லயும். ஒண்ணுல "கம்ப்ரஸர் ஆள்"னு எழுதியிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆபீசுக்கு எடுத்துட்டு வரேன்.